குடைக்கு ஓட் எழுத வேண்டும்: ஸ்ட்ரோஃபி, ஆன்டிஸ்ட்ரோஃபி எல்லாம் தமிழில் எப்படி உட்காரும்?

கயல்

எம்.ஏ. தமிழ் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஒப்பிலக்கியத் தாளுக்கு ஒரு பணி கொடுத்திருக்கிறார்கள். அன்றாடம் புழங்கும் எளிய பொருள் ஒன்றைப் பற்றி, அதை விளித்துப் புகழும் செவ்வியல் ஓட் அமைப்பில் தமிழில் ஒரு பாடல் எழுத வேண்டும். கூடவே, அமைப்பை விளக்கி ஒரு பக்கம். வகுப்பில் பழைய கிரேக்கக் கவிஞர் பிண்டார் பெயரைச் சொன்னார்கள், ஸ்ட்ரோஃபி, ஆன்டிஸ்ட்ரோஃபி, எபோட் என்று மூன்று பகுதி சொன்னார்கள், அதற்குள் மணி அடித்துவிட்டது.

நான் குடையை எடுத்துக்கொண்டேன். முதல் வரைவு இது:

குடையே குடையே கருப்புக் குடையே
மழையில் எங்களைக் காக்கும் குடையே
வெயிலில் நிழலைத் தருவாய் நீயே
ஏழை பணக்காரர் யாவர்க்கும் துணையே

இதே மாதிரி இன்னும் எட்டு வரி இருக்கிறது. இதை மூன்றாகப் பிரித்து, தலைக்கு ஒரு பெயர் வைத்தால் ஓட் ஆகிவிடுமா? ஆகாது என்று தெரிகிறது, ஏன் ஆகாது என்றுதான் தெரியவில்லை.

புதுக்கவிதைப் பித்தன்

பிண்டாரை விடுங்கள். எளிய பொருளுக்கு ஓட் என்றாலே பாப்லோ நெருதாதான். 1954இல் வந்த தொகுப்பில் வெங்காயம், தக்காளி என்று சமையலறையையே பாடியிருக்கிறார், பிறகு காலுறையையும் பாடினார். வரிகள் ஒன்றிரண்டு சொல்லில் ஓடும், எதுகை கிடையாது, எண்ணிக்கை கிடையாது. இல்லை, கட்டமைப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் கீட்ஸ் 1819இல் எழுதியவற்றைப் பாருங்கள். பத்து வரிப் பத்தி, முதல் நாலு வரி ஒன்றுவிட்டு ஒன்று இயையும், அடுத்த ஆறு மூன்று மூன்றாக இயையும். ஓட் என்றால் அதுதான் விதி.

மணப்பாறை மாமா

குடையில் எது போனாலும் கம்பிதான் முதலில் போகும். துணிக்கும் கம்பி நுனிக்கும் உள்ள தையல் விட்டுப்போனால் கருப்பு நூலைத் தேடாதீர்கள், மெழுகு தடவிய தடித்த நூல் எந்த நிறமானாலும் சரி. எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வருவார் ஒருவர், வெள்ளை நூல்தான் வைத்திருப்பார். நாலு மழையில் அது சாம்பல் நிறமாகிவிடும். மடக்குக் குடையை அவர் கையால் தொடமாட்டார், அதெல்லாம் பிளாஸ்டிக் என்பார். தங்கச்சி, உங்கள் குடையில் என்ன பழுது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

பித்தன் சொன்னதில் பாதி சரி. நெருதா பொருள்களைப் பாடியது உண்மை. ஆனால் அவர் செய்தது செவ்வியல் அமைப்பை வேண்டுமென்றே கழற்றி வைத்தது. கயலின் தாள் கேட்பது நேர் எதிரானதை. கீட்ஸின் பத்து வரியும் அவர் தமக்காக உருவாக்கிக்கொண்ட பத்திதான், இலையுதிர்காலத்தைப் பாடும்போது அவரே பதினொரு வரிக்குப் போய்விட்டார். விதி என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார்.

பிண்டாரின் அமைப்புக்கு வருவோம். அவர் பாடியது பெரும்பாலும் போட்டியில் வென்றவர்களை. குழுவாகப் பாடி ஆடுவார்கள். முதல் பகுதி ஸ்ட்ரோஃபி. அதே நடையில், அதே அளவில், அசை பிசகாமல் அடுத்த பகுதி, அதுதான் ஆன்டிஸ்ட்ரோஃபி. மூன்றாவதான எபோட் மட்டும் வேறு நடை. முதல் பகுதிக்கு ஒரு பக்கமாக ஆடிப்போனார்கள், இரண்டாவதற்குத் திரும்பி வந்தார்கள், மூன்றாவதற்கு நின்றார்கள் என்று பின்னாளைய உரைகாரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு அடுக்கு. சிராக்கூஸ் மன்னன் ஹியரோனின் குதிரை கி.மு. 476இல் ஒலிம்பியாவில் வென்றதற்கு அவர் பாடியதில் இப்படி நாலு அடுக்கு உண்டு. உங்களுக்கு ஒன்று போதும்.

ஆக, உங்கள் வரைவை மூன்றாக வெட்டினால் ஓட் ஆகாது. முதல் இரண்டும் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும், மூன்றாவது மாற வேண்டும். அளவு திரும்பி வரும்போது பொருள் எதிர்த் திசையில் போக வேண்டும். உங்கள் பாட்டில் திரும்புவதற்கு எதுவுமே இல்லை, எல்லா வரியும் ஒரே பக்கம் போகிறது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். குடை என்று வரும் இடத்திலெல்லாம் தார்ப்பாய் என்று போட்டுப் படியுங்கள். பாட்டு அப்படியே நிற்கும்.

கயல்

போட்டுப் பார்த்தேன் ஐயா. நிற்கிறது. சங்கடமாக இருக்கிறது.

டம்ளர்

போன வருடம் இதே பணி, வேறு கல்லூரி. நான் எவர்சில்வர் டம்ளரைப் பாடினேன். மூன்று பகுதி, அழகான வரிகள் என்று நானே மெச்சிக்கொண்டேன். திருத்தியவர் "இரண்டாம் பகுதி முதல் பகுதிக்குப் பதில் சொல்லவில்லை" என்று ஓரத்தில் எழுதிப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அது என்ன பதில் என்று கேட்கப் போனேன், அளவைப் பார் என்றார். அளவு என்றால் வரி எண்ணிக்கையா, எழுத்தா, ஓசையா என்று சொல்லவேயில்லை. இப்போதுகூடத் தெரியாது. இந்த இழையிலாவது யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

டம்ளரின் கேள்வி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சரக்கு வேண்டும்.

எளிய பொருளை ஓட் வடிவில் பாடியதற்குச் செவ்வியல் உதாரணமே ஒன்று இருக்கிறது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஒரு மது ஜாடியைப் பாடினார், மூன்றாம் புத்தகத்தில் 21ஆவது பாட்டு. அவர் பிண்டார் மாதிரி மூன்று பகுதி எழுதுபவர் அல்ல, ஒரே அளவுப் பத்தி திரும்பத் திரும்ப வரும். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பத்தியை அல்ல, யோசனையின் வரிசையை. அந்த ஜாடியை அவர் ஒரு தெய்வத்தை அழைப்பது போலவே அழைக்கிறார். முதலில் விளி. அப்புறம் பிறப்பு: "நானும் நீயும் ஒரே ஆண்டில் பிறந்தோம்" என்கிறார், அதாவது கி.மு. 65. அப்புறம் வேண்டுதல்: இன்று விருந்தாளி வந்திருக்கிறார், இறங்கி வா. அதன்பின் அதன் வல்லமைகளை "நீ இதைச் செய்கிறாய், நீ அதைச் செய்கிறாய்" என்று அடுக்குகிறார். கேலி அங்கே மெல்லிசாக ஓடுகிறது, ஆனால் ஜாடியை அவர் ஒரு இடத்திலும் கீழே போடவில்லை.

பெரிய நடையில் சின்னப் பொருளைப் பாடும்போது வழுக்கும் இடம் அதுதான். தாமஸ் கிரே தொட்டிக்குள் விழுந்து செத்த பூனைக்கு ஓட் எழுதினார், அது தெரிந்தே செய்த பகடி. தெரியாமல் பகடி ஆகிவிட்டால்தான் வகுப்பு சிரிக்கும். "அண்டம் காக்கும் குடையே" என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு குடையை, அதன் பிறப்பை, அது செய்ததைச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள். உங்கள் குடை எது?

கயல்

தாத்தாவுடையது. நீட்டுக் குடை, வளைந்த மரப் பிடி. அவர் கிராமத்தில் தபால்காரராக இருந்தார். எட்டுக் கம்பியில் ஒன்று துணியை விட்டுக் கழன்று திரும்பத் தைத்தது, மாமா சொன்ன மாதிரியே சாம்பல் நூல்! மழையில் குடையைத் தன் தலைக்குப் பிடிக்கமாட்டாராம், தோளில் தொங்கும் தபால் பைக்கு மேல் சாய்த்துப் பிடிப்பாராம். கடிதத்தின் மை கரைந்துவிடும் என்று. மழை இல்லாத நாளில் சட்டைக் காலரின் பின்பக்கம் பிடியை மாட்டி முதுகில் தொங்கவிட்டு நடப்பார், இது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இப்போது கூடத்து ஆணியில் தொங்குகிறது.

மணப்பாறை மாமா

சாம்பல் நூல் என்றேனா இல்லையா!

ஓய்வுபெற்ற வாத்தியார்

பாட்டு கிடைத்துவிட்டது. இதை தார்ப்பாய்க்கு மாற்ற முடியாது. விரித்த குடை ஸ்ட்ரோஃபி, மடங்கிய குடை ஆன்டிஸ்ட்ரோஃபி. எபோட்டில் ஆணியில் தொங்குகிற குடையிடம் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பிறப்பை எங்கே வைப்பது என்பதை நீங்களே பாருங்கள்.

சீர்தளை

பிறப்புக்கு ரோமாபுரி வரை போக வேண்டாம். புறநானூறு 35. வெள்ளைக்குடி நாகனார், கிள்ளிவளவனிடம் நேராகச் சொல்கிறார்: உன் வெண்கொற்றக்குடை வெயிலை மறைக்கப் பிடித்ததா? இல்லை, வருந்திய குடிகளை மறைக்கப் பிடித்தது. பாடி முடித்து, நிலத்தின் மேல் நின்ற பழைய வரிக்கடனைத் தள்ளுபடி செய்ய வைத்தார் என்கிறது பாட்டின் கீழ்க் குறிப்பு. சிலப்பதிகாரம் திங்களைப் போற்றும்போதும் சோழனின் குடையைத்தான் திங்களுக்கு உவமையாக்குகிறது. குடையைப் பாடுவது நமக்குப் புதிதே அல்ல. அரசன் குடை அரசனுக்கில்லை, தாத்தாவின் குடை தாத்தாவுக்கில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

இன்னொன்று. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று ஒத்தாழிசைக் கலிப்பாவே இருக்கிறது. ஒரே அளவில் தாழிசைகள் அடுத்தடுத்து வரும், முடிவில் சுரிதகம் வேறு பாவுக்கு மாறும். கிரேக்கத்தை ஏன் இறக்குமதி செய்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

புறப்பாட்டைக் கொண்டுவந்ததற்கு நன்றி, என் கையில் அது இல்லை. ஆனால் கலிப்பா வேண்டாம் என்பேன். தாழிசை மூன்றும் ஒரே திசையில் பொருளை அடுக்கும், ஒன்றையொன்று எதிர்க்க வேண்டியதில்லை. பணி கேட்டது திருப்பத்தை. விளக்கப் பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்டலாம், தாளே ஒப்பிலக்கியம்தானே.

கயல்

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். முதல் இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் ஆறு வரி, சீர்கள் 4, 4, 2, 4, 4, 2.

விரிதல்

எட்டுக் கம்பி எழுந்து விரியக்
கட்டுத் தளர்ந்த கருந்துணி வானே,
நரைத்த நூலோனே!
தெப்பமாய் நனைந்து தாத்தா நடக்கத்
தப்பாமல் தபால்பை தனையே மறைத்தாய்,
ஒருசொல் கரையாமல்.

மடங்கல்

பட்டுக் குஞ்சம் பவளக் காம்பொடு
பட்ட குடிக்கே நிழலென நின்றாய்,
வேந்தர் வழிவந்த கருங்குடையே!
அப்புறம் காலரின் பின்புறம் தொங்கி
அப்பாவி போல ஆடி நடந்தாய்,
ஒருவரும் பாராமல்.

புதுக்கவிதைப் பித்தன்

"ஒருசொல் கரையாமல்" நல்ல வரி. என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் நல்ல வரி.

சீர்தளை

மூன்றாவது வரியில் முதல் பகுதிக்கு இரண்டு சீர், இரண்டாவதற்கு மூன்று. அங்கேயே முறிந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், சீர்களை எண்ணுவது போதுமா என்பது. டம்ளர், உங்களிடம் "அளவைப் பார்" என்று சொன்னவர் இதைத்தான் நினைத்திருப்பார். கிரேக்கத்தில் நெடில் விழுந்த இடத்தில் நெடில், குறில் விழுந்த இடத்தில் குறில். தமிழில் குறைந்தபட்சம் வாய்பாடாவது ஒத்துப்போக வேண்டும்.

அலகிட்டுக் காட்டுகிறேன். "நரைத்த நூலோனே" என்பது புளிமா, தேமாங்காய். அதற்கு எதிரே "அரசர் வீட்டோனே" என்று வைத்தால் அச்சாக உட்காரும். "ஒருசொல் கரையாமல்" புளிமா, புளிமாங்காய். "ஒருவரும் பாராமல்" கருவிளம், தேமாங்காய், ஒத்துவரவில்லை. "ஒருகண் அறியாமல்" என்றால் சரி, ஒருசொல்லுக்கு ஒருகண் என்று பதிலும் ஆகிறது.

முதல் வரியில் கடைசிச் சீர் மட்டும் உதைக்கிறது. "விரியக்" புளிமா, "காம்பொடு" கூவிளம். "பட்டுக் குஞ்சப் பவளப் பிடியாய்" என்று மாற்றுங்கள். இரண்டாவது வரி எப்படியோ தானாகவே நாலு சீரும் பொருந்தியிருக்கிறது, தெரிந்து செய்தீர்களா? நாலாவது வரி "அப்புறம் முதுகில் காலர் பிடித்து". ஐந்தாவது "அப்பாவி எனவே அசைந்து நடந்தாய்".

கயல்

இரண்டாவது வரி தெரிந்து செய்யவில்லை, வாயால் சொல்லிச் சொல்லி எழுதினேன். மற்றதெல்லாம் எடுத்துக்கொள்கிறேன். "முதுகில் காலர் பிடித்து" என்றதும் குடையே தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது, என் வரியைவிட நன்றாக இருக்கிறது. ஐந்தாவது மட்டும் வேண்டாம். "எனவே" என்றால் படிக்கிறவர் "ஆகையால்" என்று எடுத்துக்கொள்வார். "அப்பாவி போல ஆடி" என்றால் அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

சீர்தளை

ஆட்டம் தெரியும், அளவு போகும். "தபால்பை தனையே" இரண்டும் புளிமா, "போல ஆடி" இரண்டும் தேமா. திருத்துகிறவர் அந்த வரியில்தான் பேனாவை வைப்பார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

சீர்தளை, ஒரு கேள்வி. உங்கள் நேரசை தனிக்குறிலாகவும் வரும், தனிநெடிலாகவும் வரும். கிரேக்கர்களின் குறில் நெடில் கணக்குக்கு அது எப்படி ஈடாகும்? "தேமா" என்ற ஒரே வாய்பாட்டுக்குள் "பட்ட" என்பதும் அடங்குகிறது, "தாத்தா" என்பதும் அடங்குகிறது. காதுக்கு இரண்டும் ஒன்றா?

சீர்தளை

ஒன்றல்ல. கறாராகப் போனால் சந்தத்துக்குத்தான் போக வேண்டும். அருணகிரிநாதர் தத்தன தனதன என்று ஒரு குழிப்பை வைத்துக்கொண்டு குறில், நெடில், வல்லினம், மெல்லினம் வரை பிசகாமல் அடிக்கு அடி திரும்பக் கொண்டுவருகிறாரே, பிண்டார் செய்ததற்கு அதுதான் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் ஒரு மாதம் எழுதிப் பழகாமல் கயலால் அதைச் செய்ய முடியாது. வாய்பாடு நடுவழி.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நடுவழி என்று ஒப்புக்கொண்டுவிட்டால் சீர் எண்ணிக்கையும் ஒரு நடுவழிதான். எதை அளவாக எடுத்துக்கொண்டேன், ஏன் என்று விளக்கப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும், அவ்வளவே. எழுதாமல் விட்டால்தான் டம்ளருக்கு நடந்தது நடக்கும்.

சீர்தளை

ஒப்பவில்லை. சீரை மட்டும் எண்ணினால் எந்த ஆசிரியப்பாவும் எந்த ஆசிரியப்பாவுக்கும் ஆன்டிஸ்ட்ரோஃபி ஆகிவிடும்.

டம்ளர்

என் பழைய பாட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பகுதியில் டம்ளர் பளபளக்கிறது, இரண்டாவதிலும் பளபளக்கிறது. அளவு ஒத்திருந்தாலும் தேறியிருக்காது போல. இரண்டாவதில் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும்.

கயல்

எபோட் எழுதிவிட்டேன். வாத்தியார் ஐயா சொன்ன ஜாடியிலிருந்து "இறங்கி வா"வை எடுத்துக்கொண்டேன். ஹொரேஸ் அதை முன்னாலேயே கேட்டுவிடுகிறார், நான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். நடை மாற வேண்டும் என்பதால் எதுகையை விட்டேன், பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

நிற்றல்

ஆணியில் தொங்கும் முதுகுடையே,
தாத்தாவும் இல்லை, தபால்பையும் இல்லை.
ரேஷன் கடையில் நீண்ட வரிசை,
மழை வருமாம்,
கையில் சீனிப் பை.
இறங்கி வா.

புதுக்கவிதைப் பித்தன்

பாருங்கள், கடைசியில் என் பக்கம்தான் வந்தீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

வரட்டும், எபோட்டில் வரலாம். தபால் பை போய் சீனிப் பை வந்தது சரியான இடம், குடை இன்னும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறது. அதை விளக்கப் பக்கத்தில் விளக்காதீர்கள், திருத்துகிறவரே கண்டுபிடிக்கட்டும். "முதுகுடை" மட்டும் இடிக்கிறது. மேலே "முதுகில்" என்று வந்துவிட்டதால், முது குடை என்று பிரிக்காமல் முதுகு உடை என்று படித்துவிடுவார்கள். "பழங்குடையே" போதும்.

கயல்

மாற்றிவிட்டேன் ஐயா. "அப்பாவி போல ஆடி" அப்படியே இருக்கிறது. விளக்கப் பக்கத்தில் "இந்த ஒரு வரியில் வாய்பாடு பிறழ்கிறது, தெரிந்தே விட்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன்.

சீர்தளை

"அப்பாவிச் சிறுவன் அசைந்து நடந்தாய்" என்று போட்டுப் பாருங்கள். சிறுவன் புளிமா. "எனவே" போய்விடும்.

கயல்

குடைக்குத் தாத்தாவைவிட வயது கம்மி என்பது உண்மைதான், ஆனால் சிறுவன் "நடந்தான்" என்றல்லவா முடியும்? முன்னிலை போய்விடுமே.

சீர்தளை

"சிறுவா" என்று விளித்தால் போகாது. சிறுவா, அதுவும் புளிமா. யோசியுங்கள்.

மணப்பாறை மாமா

அந்தக் குடையை நிஜமாகவே ரேஷன் கடைக்கு எடுத்துப் போவதாக இருந்தால் முதலில் கம்பி சேரும் உச்சி முடிச்சைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஆணியில் தொங்கினால் அங்கே துரு ஏறியிருக்கும். அழுத்தி விரித்தால் பட்டென்று அறுந்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மெதுவாக நாலு தரம் விரித்து மடக்குங்கள்.